அறுந்த நியூட்ரல் கம்பி

மும்முனை இணைப்புள்ள வீட்டிற்கு மூன்று பேஸ் கம்பிகளும், அவற்றிற்குப் பொதுவாக ஒரு நியூட்ரல் கம்பியும் வருகின்றன. பேஸ் ஒன்றுக்கும் நியூட்ரலுக்கும் இடையே 230 வோல்ட் மின்னழுத்தம் இருக்கும். இரு பேஸ்களுக்கு இடையே 400 வோல்ட் இருக்கும்.

ஓரிரவில் அந்த நியூட்ரல் அறுந்துவிட்டதாகக் கொள்வோம். கூடத்தில் ஒரு பேஸில் மூன்று இழை விளக்குகள் எரிகின்றன. அடுக்களையில் மற்றொரு பேஸில் அதே வகை விளக்கு ஒன்று எரிகின்றது. மூன்றாம் பேஸில் எதுவும் இயங்கவில்லை. நியூட்ரல் வழியே திரும்ப இயலாத மின்னோட்டம், கூடத்து விளக்குகளைக் கடந்து, அடுக்களை விளக்கின் வழியே மற்றப் பேஸை அடைகின்றது. ஆகவே 400 வோல்ட்டும் அவ்விரு பகுதிகளுக்கும் மின்தடைக்கேற்பப் பங்கிடப்படுகின்றது. பக்க இணைப்பிலுள்ள மூன்று விளக்குகளின் மின்தடை, ஒற்றை விளக்கின் மின்தடையில் மூன்றில் ஒரு பங்கே. ஆதலின் கூடத்து விளக்குகளுக்கு ஏறத்தாழ 100 வோல்ட்டும், அடுக்களை விளக்கிற்கு 300 வோல்ட்டும் கிடைக்கும். முன்னவை செந்நிறமாய் மங்கும். பின்னது கண்கூச எரிந்து விரைவில் இழை அறும். அறுந்ததும் மின்னோட்டத்திற்கு வழியின்றிக் கூடமும் இருண்டுவிடும்.

வரும் மின்னழுத்தமே குறைந்தால் வீட்டு விளக்குகள் யாவும் மங்கும். சில மங்கிச் சில மிகுந்து ஒளிர்ந்தால், நியூட்ரல் அறுந்ததென ஐயுறல் வேண்டும். அப்பொழுது வீட்டினுள் உள்ள நியூட்ரல் கம்பியும் தொட்டால் தாக்கும். உடனே மெயின் சுவிட்சை அணைத்து, மின்பணியாளரை அழைத்தல் வேண்டும்.