டெமோ வகுப்புக்குப் பிறகு என்ன எழுதுவது?

கேள்வி: நான் கணிதத்தில் பி.எஸ்சி., பி.எட். முடித்தவள். ஊர் கல்வராயன் மலையில் வெள்ளிமலைக்குப் பக்கம். இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில் தன்னார்வலராக இருந்திருக்கிறேன். போன வாரம் கள்ளக்குறிச்சியில் ஒரு தனியார் பள்ளியில் டெமோ கிளாஸ் எடுத்தேன். ஏழாம் வகுப்பு, தசம எண்களை ஒப்பிடுதல். முதல்வரும் மூத்த கணித ஆசிரியை ஒருவரும் பின்னால் உட்கார்ந்து பார்த்தார்கள்.

5.736, 5.62 இரண்டில் எது பெரியது என்று கேட்டேன். வகுப்பே ஒரே குரலில் 5.736 என்றது. அடுத்து 4.8, 4.63 எழுதினேன். கடைசி பெஞ்சுப் பையன் ஒருவன், "4.63தான் மிஸ், 63 பெரிசு இல்ல?" என்றான். ஒரு மாணவி எழுந்து, "இல்ல மிஸ், பத்துல ஒண்ணு பெரிய துண்டு, நூறுல ஒண்ணு சின்னத் துண்டு. அதனால 4.8தான் பெரிசு" என்றாள். அவளைப் பாராட்டினேன். பையனிடம், "8-க்குப் பின்னால் ஒரு பூஜ்யம் போட்டுப் பார், 80 பெரிசா 63 பெரிசா?" என்றேன். எல்லாரும் "80" என்றார்கள். மணி அடித்துவிட்டது.

"சொல்லி அனுப்புகிறோம்" என்றார்கள். இன்னும் தகவல் இல்லை. "மாணவர்கள் மிகவும் ஆர்வமாகக் கலந்துகொண்டார்கள், எல்லாருக்கும் புரிந்தது" என்று ஒரு நன்றிக் கடிதம் போடச் சொல்கிறாள் தோழி. எழுதலாமா? எப்படி எழுதுவது?

— ஒரு வாசகி, வெள்ளிமலை

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, கட்டாயம் எழுதுங்கள். ஆனால் தோழி சொன்ன அந்த வாக்கியத்தை எழுத வேண்டாம். டெமோ எடுத்த எல்லாருமே அதைத்தான் எழுதுவார்கள். உங்கள் வகுப்பில் நடந்ததோ வேறு. அந்தப் பையனும் மாணவியும் சொன்ன பதில்களைக் கவனித்து, இத்தனை நாள் கழித்தும் மறக்காமல் எனக்கு எழுதியிருக்கிறீர்கள். பள்ளிக்கு எழுத வேண்டியதும் அதுதான். அதற்கு முன் அந்தப் பதில்கள் என்ன சொல்கின்றன என்று நாம் சரியாகப் படித்துக்கொள்ள வேண்டும்.

முதலில் பையன். புள்ளிக்குப் பின்னால் வருவதை அவன் தனி முழு எண்ணாக வாசிக்கிறான். அவனுக்கு 4.63 என்பது நாலும் அறுபத்து மூன்றும், 4.8 என்பது நாலும் எட்டும். ஆஸ்திரேலியாவில் மெல்போர்ன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கே ஸ்டேசியும் விக்கி ஸ்டெய்ன்லியும் தசம எண் குழப்பங்களைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர்கள். 'நீளமானதே பெரியது' என்று நினைக்கும் பிள்ளைகள் என இந்த வகையை அவர்கள் பிரித்துக் காட்டினார்கள். எந்த நாட்டு வகுப்பறையிலும் இப்படிச் சில பிள்ளைகள் இருப்பார்கள். கள்ளக்குறிச்சிப் பள்ளியின் குறையும் இல்லை, பையனின் சோம்பலும் இல்லை.

அடுத்து நீங்கள் பாராட்டிய மாணவி. அவள் பதில் சரி. காரணம் சரிதானா என்பது நமக்கு இன்னும் தெரியாது. ஸ்டேசியும் ஸ்டெய்ன்லியும் சொல்லும் இரண்டாவது வகை, 'குட்டையானதே பெரியது' என்று நினைக்கும் பிள்ளைகள். பத்தில் ஒன்று பெரிய துண்டு, நூறில் ஒன்று சின்னத் துண்டு, ஆயிரத்தில் ஒன்று அதைவிடச் சின்னது என்பது அவர்களுக்குத் தெரியும். அது உண்மையும்கூட. ஆனால் எத்தனை துண்டு என்பதைப் பார்க்காமல் துண்டின் அளவை மட்டும் வைத்து முடிவு செய்துவிடுகிறார்கள். அந்த மாணவி சொன்ன காரணத்தை அப்படியே 5.736, 5.62 இரண்டுக்கும் பொருத்திப் பாருங்கள். 5.736 ஆயிரத்தில் ஒன்றுகளில் முடிகிறது, ஆகவே சின்னது, 5.62தான் பெரியது என்று வரும். அது தவறு.

இப்போது உங்கள் இரண்டு கேள்விகளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதல் கேள்வியில் பையனின் தவறான விதி சரியான விடையைத் தரும், 736 என்பது 62-ஐவிடப் பெரியது அல்லவா? இரண்டாவது கேள்வியில் மாணவியின் விதி சரியான விடையைத் தரும். அதாவது ஒவ்வொரு கேள்வியிலும் ஒரு வகைக் குழப்பம் சரியான விடைக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறது. ஒன்றை மட்டும் கேட்டிருந்தால் ஒருவர் உங்கள் கண்ணுக்குத் தப்பியிருப்பார். இரண்டையும் கேட்டது நல்லதாயிற்று. ஆனால் முதல் கேள்விக்கு வகுப்பே சேர்ந்து குரல் கொடுத்தது. அந்தக் குரலில் மாணவி 5.736 என்றாளா, 5.62 என்றாளா, வாயே திறக்கவில்லையா என்று யாராலும் சொல்ல முடியாது. கோரஸ் பதில் வகுப்பு விழித்திருக்கிறது என்பதைக் காட்டும். தனித்தனிப் பிள்ளைக்குப் புரிந்ததா என்பதைக் காட்டாது. "எல்லாருக்கும் புரிந்தது" என்று எழுத வேண்டாம் என்று நான் சொல்வதற்குக் காரணம் இதுதான். பின்னால் உட்கார்ந்திருந்த மூத்த ஆசிரியைக்கும் இது தெரிந்திருக்கும்.

மூன்றாவது விஷயம், நீங்கள் போடச் சொன்ன பூஜ்யம். பெரும்பாலான வகுப்புகளில் இப்படித்தான் சொல்லித் தருகிறோம், விடையும் வந்துவிடுகிறது. ஆனால் 4.80, 4.63 என்று எழுதியதும் பையன் மறுபடியும் 80-ஐயும் 63-ஐயும்தான் முழு எண்களாக ஒப்பிடுகிறான். அவனுடைய பழைய விதி அப்படியே இருக்கிறது, இந்தக் கணக்கில் மட்டும் அது மாட்டிக்கொள்ளவில்லை. நாளைக்குப் பூஜ்யம் போட மறந்தால் 63 மீண்டும் ஜெயித்துவிடும்.

அதே போல, அடுத்த வகுப்பில் பணத்தை உதாரணமாக எடுக்கலாம் என்று தோன்றும். அவசரப்பட வேண்டாம். 4.8-ஐ "நாலு ரூபாய் எட்டுப் பைசா" என்று வாசிக்கும் பிள்ளைகள் நிறைய. அப்படி வாசித்தால் பையனின் குழப்பம் இன்னும் இறுகும். தவிர, 25 பைசாவும் அதற்குக் கீழ்ப்பட்ட நாணயங்களும் 2011 ஜூன் 30 முதல் செல்லாது. இன்றைய ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் அவற்றைக் கையில் தொட்டதே இல்லை. விலை எப்போதும் புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கத்தோடு எழுதப்படுகிறது. கடையில் இருக்கும் எலக்ட்ரானிக் தராசும் எப்போதும் ஒரே எண்ணிக்கையில்தான் இலக்கங்களைக் காட்டுகிறது. சமமில்லாத நீளம் அங்கே வருவதே இல்லை. பிள்ளை தடுமாறுவதோ அந்த இடத்தில்தான்.

கட்டத்தாள் எடுங்கள். பத்துக்குப் பத்து, நூறு கட்டம் கொண்ட சதுரம்தான் 'ஒன்று'. முழு எண் 4 இரண்டிலும் சமம், அதை விட்டுவிடலாம். 0.8 என்றால் எட்டு வரிசை நிறையும். 0.63 என்றால் ஆறு வரிசையும் மூன்று கட்டமும். பையன் தானே வண்ணம் தீட்டட்டும். அறுபத்து மூன்றுக்குள் ஆறு வரிசைதான் இருக்கிறது என்பதை அவன் கையே அவனுக்குச் சொல்லும். மாணவிக்கு 0.7 அடுக்கி, அதற்கு மேல் 0.036 சேர்வதையும், பக்கத்தில் 0.62-ஐயும் காட்டுங்கள். துண்டு சின்னதாகிக்கொண்டே போனாலும், ஏழு வரிசை ஏற்கெனவே வந்துவிட்டதை அவள் பார்த்துவிடுவாள்.

இதையெல்லாம் கடிதத்தில் கொட்ட வேண்டியதில்லை. ஒரு பக்கத்துக்குள் முடியட்டும். இப்படி எழுதலாம்:

"மதிப்பிற்குரிய முதல்வர் அவர்களுக்கு,

ஏழாம் வகுப்பில் தசம எண் ஒப்பீடு பற்றி வகுப்பெடுக்க வாய்ப்பளித்ததற்கு நன்றி. 4.8, 4.63 கேள்விக்கு ஒரு மாணவர் 63 பெரியது என்ற காரணத்தோடு 4.63 என்றார். மற்றொரு மாணவி துண்டின் அளவைக் காரணம் காட்டி 4.8 என்றார். இருவரும் காரணத்தோடு பேசியது எனக்கு உதவியாக இருந்தது. பூஜ்யம் சேர்த்து விடையைச் சரிசெய்தேன்; ஆனால் இட மதிப்பு அவர்களுக்குத் தெளிவாயிற்றா என்பதை அந்த நேரத்துக்குள் என்னால் உறுதிசெய்ய முடியவில்லை. 5.736, 5.62 என்ற முதல் கேள்விக்கு வகுப்பு சேர்ந்து பதில் சொன்னதால் ஒவ்வொருவரின் புரிதலையும் அறிய இயலவில்லை.

அடுத்த வகுப்பு கிடைத்தால் இதே இரண்டு ஜோடிகளையும் முதலில் ஒவ்வொருவரும் தாளில் எழுதச் சொல்வேன். பிறகு நூறு கட்டத் தாளில் வண்ணம் தீட்டி ஒப்பிட வைப்பேன். வகுப்பைப் பார்த்த தங்களுக்கும் கணித ஆசிரியை அவர்களுக்கும் வேறு ஏதேனும் தோன்றியிருந்தால் அறிய விரும்புகிறேன்."

கவனிக்க வேண்டியவை சில. பிள்ளைகளின் பெயர் தெரிந்திருந்தாலும் எழுதாதீர்கள். "அடிப்படை பலவீனமாக இருக்கிறது" என்ற தொனி ஓர் இடத்திலும் வரக்கூடாது. வந்தால், எதிரில் உட்கார்ந்திருந்த அந்த மூத்த ஆசிரியையின் வேலையை நீங்கள் குறை சொன்னதாகிவிடும். சம்பளம், சேரும் தேதி, மலையிலிருந்து வந்துபோகும் சிரமம் எதுவும் இந்தக் கடிதத்தில் வேண்டாம். அவர்கள் கூப்பிட்டுப் பேசும்போது பேசிக்கொள்ளலாம். இல்லம் தேடிக் கல்வி அனுபவத்துக்கு இடம் பயோடேட்டா. பள்ளி ஆங்கிலத்தில் கடிதப் போக்குவரத்து வைத்திருந்தால் இதே விஷயத்தை ஆங்கிலத்தில் எழுதுங்கள்.

இப்படிப்பட்ட கடிதம் மறுநாளே போவது நல்லது. ஒரு வாரம் ஆனாலும் பரவாயில்லை, இன்றே மின்னஞ்சலில் அனுப்புங்கள். வெள்ளிமலையிலிருந்து இதற்காக ஒரு நாளைச் செலவழித்து இறங்கி வர வேண்டாம். அனுப்பி ஒரு வாரத்துக்குப் பின் அலுவலகத்துக்கு ஒரு முறை போன் செய்து கேட்கலாம். அதற்கு மேல் துரத்த வேண்டாம். எவ்வளவு நல்ல கடிதமானாலும், காலியிடம் இல்லாவிட்டால் அதனால் வேலை வராது என்பதையும் மனத்தில் வையுங்கள்.

அடுத்து எந்தப் பள்ளியில் டெமோ எடுத்தாலும் முதல் மூன்று நிமிடத்தை இதற்கு ஒதுக்குங்கள்: ஆளுக்கு ஒரு துண்டுச் சீட்டு, இரண்டு ஜோடி எண்கள், பெரியதைச் சுற்றி வட்டம், பேச்சு கிடையாது. சீட்டை வாங்கி நான்கு குவியலாகப் பிரிப்பது எளிது. இரண்டும் சரி, முதலாவது மட்டும் சரி, இரண்டாவது மட்டும் சரி, இரண்டுமே தவறு. நடுவில் உள்ள இரண்டு குவியலும் அந்தப் பையனைப் போலவும் மாணவியைப் போலவும் யோசிப்பவர்களாக இருக்க வாய்ப்பு அதிகம். குருட்டாம்போக்கில் வட்டமிட்டவர்களும் அங்கே கலந்திருக்கலாம் என்பதால் ஒவ்வொரு குவியலிலிருந்தும் ஒருவரிடமாவது காரணம் கேளுங்கள். கேட்டுவிட்டு மனத்துக்குள் மூன்று எண்ணிவிட்டுப் பேசுங்கள். ஆசிரியர்கள் பொதுவாக ஒரு விநாடிதான் காத்திருக்கிறார்கள் என்றும், மூன்று விநாடி காத்தாலே பிள்ளைகள் நீளமாகவும் காரணத்தோடும் பேசுகிறார்கள் என்றும் மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1970-களிலேயே காட்டியிருக்கிறார். மணி அடித்ததும் சீட்டுகளை முதல்வரிடம் கொடுத்துவிட்டு வாருங்கள். எத்தனை பேர் எந்தக் குவியலில் இருந்தார்கள் என்பதைக் குறித்துக்கொண்டால், அடுத்த முறை கடிதத்தில் "ஆர்வமாக இருந்தார்கள்" என்று எழுத வேண்டிய தேவையே இருக்காது.