ஐந்து விடுகதைகளும் ஒரு பூட்டும்

உம்மும்மா விடுகதை போடும்போது நாம் விழித்தால், அவர் நமது முகத்தைப் பார்ப்பார். சற்றுப் பொறுத்து ஒரு சிறு குறிப்புக் கொடுப்பார். அதற்கும் முடியாவிட்டால் இன்னொன்று. நமது முகம் மலர்ந்தவுடன் முன்னதிலும் சற்றுக் கடினமானதை எடுப்பார். இந்தச் சிறிய உயர்வுகளை அவர் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. எதிரில் இருக்கும் முகமே அவருக்கு அளவுகோல். ஆனால் அதே விடுகதைகளைத் தாளில் எழுதி ஓர் அறையில் ஒளித்துவைத்துவிட்டு நாம் வெளியே நின்றால், முகம் பார்க்க யாரும் இல்லை. அந்த வேலையை முன்கூட்டியே நாம் செய்து முடித்திருக்க வேண்டும்.

எமது தமிழ்த் தினத்துக்காகத் தரம் 9, 10 மாணவிகளுக்கு ஒரு 'தப்பிக்கும் அறை' அமைத்தபோது நான் கற்றுக்கொண்டது இதுதான். எஸ்கேப் ரூம் எனப்படும் இவ்விளையாட்டை 2007ஆம் ஆண்டு ஜப்பானின் கியோட்டோ நகரில் தகாவோ கதோ என்பவர் நடத்திக் காட்டினார். ஓர் அறை, ஒரு குழு, குறித்த நேரம். ஒரு புதிரின் விடை அடுத்த புதிரைத் திறக்கும். பெயர் புதிது என்றாலும் பண்டம் நமக்குப் புதிதல்ல. தொல்காப்பியம் விடுகதையைப் 'பிசி' என்று அழைத்து, ஒப்புமையால் மறைத்துச் சொல்வது, வெளியே தோன்றுவதைச் சொல்லிப் பொருளை உணர்த்துவது என்று இருவகையாகப் பிரிக்கிறது. இஸ்லாமியத் தமிழ் இலக்கியத்திலோ 'மசலா' என்ற வினாவிடை இலக்கிய வகையே உண்டு.

கதையும் கடைசிப் பூட்டும்

எங்கள் அறை ஒரு தேயிலைத் தொழிற்சாலை. டீமேக்கர் மாதிரித் தேயிலையை ஒரு பெட்டியில் பூட்டிவிட்டுப் போய்விட்டார். லொறி புறப்பட நாற்பது நிமிடம் இருக்கிறது. ஐந்து மாணவிகள் சேர்ந்து பெட்டியைத் திறக்க வேண்டும். வகுப்பறைக் கதவை நாங்கள் பூட்டவில்லை. பூட்டு பெட்டிக்கு மட்டுமே. யாருக்காவது பயமோ தலைசுற்றலோ வந்தால் உடனே வெளியேற முடிய வேண்டும்.

விடுகதைச் சங்கிலியை முன்னிருந்து கட்டத் தொடங்கினால் நடுவில் அறுந்துபோகும். ஆகவே கடைசியிலிருந்து தொடங்கினோம். பெட்டியில் நான்கு இலக்கப் பூட்டு. அதன் எண் 3584. இந்த நான்கு எண்களும் முன்னைய விடைகளிலிருந்தே கிடைக்க வேண்டும் என்று தீர்மானித்துவிட்டு, பின்னோக்கி ஒவ்வொன்றாக எழுதினோம்.

முதலாவது விடுகதை கதவில் தொங்கியது:

கயிறு தலையில், நான் முதுகில்;
காலையில் இலேசு, மாலையில் பாரம்.

விடை கொழுந்துக் கூடை. அது சுவரில் கண்முன்னே தொங்குகிறது. தோன்றுவதைச் சொல்லும் வகை என்பதால் இது எளிது. மூன்று நிமிடம் ஒதுக்கினோம். இதன் வேலை மாணவிகளைச் சோதிப்பது அல்ல. 'விடை என்பது இந்த அறையில் உள்ள ஒரு பொருள்' என்ற விளையாட்டு விதியை அவர்களுக்குச் சொல்லாமல் சொல்வதே.

கூடைக்குள் ஐந்து அட்டைகள்: வாட்டுதல், உருட்டுதல், நொதித்தல், உலர்த்துதல், தரம் பிரித்தல். ஒவ்வொன்றின் மூலையிலும் ஓர் எழுத்து. கூடவே இரண்டாவது விடுகதை:

பச்சையாய் வந்தேன், கறுப்பாய்ப் போகிறேன்;
நான் நடந்த வழியில் என்னை நிறுத்து.

அட்டைகளைத் தொழிற்சாலை வரிசையில் அடுக்கினால் 'மணிக்கூடு' என்று வரும். இங்கே படி இரண்டு: அடுக்க வேண்டும், பிறகு வாசிக்க வேண்டும். ஐந்து நிமிடம்.

எட்டு மணியில் நின்றுபோன மணிக்கூட்டின் பின்னால் மூன்றாவது விடுகதை. சுவரில் ஹட்டன், கொட்டகலை, தலவாக்கலை, வட்டகொடை, கிரேட்வெஸ்டன், ரதல்ல, நானுஓயா என்று ஏழு நிலையங்களை எழுதி, ஒவ்வொன்றின் கீழும் ஓர் உறை ஒட்டியிருந்தோம். எந்த உறை என்று கண்டுபிடிக்க வேண்டும். ஏழு நிமிடம்.

சரியான உறையில் நான்காவது:

பகலில் வானம் உடுத்தும் சேலை,
மருதாணி கையில் விட்டுப்போகும் சாயம்;
இரண்டும் சேர்ந்து தொழிற்சாலை போனால்
எத்தனை கிலோ திரும்பி வரும்?

இது ஒப்புமை வகை. பலகையில் நான்கு நிறக் கூடைகளின் நிறை எழுதியிருக்கும். நீலக் கூடை 35 கிலோ, சிவப்புக் கூடை 25 கிலோ, மொத்தம் 60. ஐந்து கிலோ கொழுந்துக்கு ஏறக்குறைய ஒரு கிலோ தேயிலை என்று அதே பலகையில் குறிப்பு உண்டு. ஆகவே 12. செக்ரோல் புத்தகத்தின் 12ஆம் பக்கத்தைத் திறந்தால் கடைசி விடுகதை. இதற்குப் பத்து நிமிடம்.

ஐந்தாவது, வந்த வழியை நினைவுபடுத்துகிறது:

நான்கு வீட்டில் நான்கு எண்:
ஒன்று முதுகில் தொங்கியது, ஒன்று படிப்படியாய் நடந்தது,
ஒன்று உறங்கிப்போனது, ஒன்றில் கோச்சி நின்றது.

கூடையின் அடியில் ஒட்டிய இலைகள் 3, அட்டைகள் 5, மணிக்கூடு 8, ரயில் பட்டியலில் நாலாவது ஊர். எட்டு நிமிடம். இது நான்காவதை விடச் சற்று இலகு. நான்காவது உச்சி, ஐந்தாவது உச்சியிலிருந்து இறங்கும் பாதை. களைத்த குழு கடைசிப் பூட்டின் முன்னால் தோற்றுத் திரும்பக் கூடாது. மொத்தம் 33 நிமிடம். மீதி ஏழு நிமிடம் தடுமாற்றத்துக்கும் குறிப்புகளுக்கும்.

மூன்று வகைத் தடுமாற்றம்

தாளில் இப்படி அழகாக இருந்த சங்கிலி, ஒத்திகையில் மூன்று இடத்தில் அறுந்தது. ஒத்திகைக்கு மூன்று குழுக்களை அழைத்தோம். ஒவ்வொரு விடுகதைக்கும் எடுத்த நேரத்தையும், சொன்ன பிழையான விடைகளையும் ஒரு கொப்பியில் எழுதினோம். பிழையான விடைகளை எழுதியதுதான் பெரிதும் உதவியது.

முதல் அறுப்பு இரண்டாவது விடுகதையில். முதல் குழுவில் ஒரு மாணவியின் உம்மா தொழிற்சாலையில் வேலை செய்பவர். அவள் ஒரு நிமிடத்தில் அட்டைகளை அடுக்கிவிட்டாள். அடுத்த குழுவில் எல்லோரும் நகரப் பிள்ளைகள். பன்னிரண்டு நிமிடம் நின்றார்கள். கொழுந்து முதலில் வாடுமா, உருளுமா என்பது யோசித்துக் கண்டுபிடிக்கக்கூடிய விடயம் அல்ல, தெரிந்தால் தெரியும். கடைசியில் ஒரு பிள்ளை, "டீச்சர், எங்களுக்கு இது படிப்பிக்கவே இல்லையே" என்றாள். அவள் சொன்னது சரி. நான் கடினம் என்று நினைத்து வைத்தது உண்மையில் ஒரு பூட்டிய கதவு. சாவி சிலரின் வீட்டில் மட்டும் இருந்தது. மறுநாள் தொழிற்சாலையின் ஐந்து கட்டங்களையும் படங்களோடு ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டினோம். தேவையான அறிவு முழுவதும் அறைக்குள்ளேயே இருக்க வேண்டும். கடினம் என்பது அதைத் தேடி இணைக்கும் படிகளின் எண்ணிக்கையால் மட்டும் கூட வேண்டும். இந்தப் பிழையைக் கண்டுபிடிக்கும் அடையாளம்: ஒரு குழுவுக்கும் இன்னொரு குழுவுக்கும் நேரத்தில் பெரிய வித்தியாசம்.

இரண்டாவது அறுப்பு ரயிலில். நான் முதலில் எழுதியது: "ஹட்டனில் கோச்சி ஏறினேன், நானுஓயாவுக்கு இரண்டு நிலையம் முன்னால் இறங்கினேன்." என் மனதில் இருந்த விடை வட்டகொடை, நடுவில் இரண்டு நிலையங்களை விட்டு எண்ணியிருந்தேன். மூன்று குழுக்களும் கிரேட்வெஸ்டன் உறையைத் திறந்தன. ஆளுக்கு ஒரு பிழையான விடை சொன்னால் விடுகதை கடினம். எல்லோரும் ஒரே பிழையான விடையைச் சொன்னால் பிழை விடுகதையில்தான். வரியை மாற்றினேன்: "நான் இறங்கிய ஊருக்கும் நானுஓயாவுக்கும் நடுவில் இரண்டு நிலையங்கள்." சிக்கல் தீர்ந்தது.

மூன்றாவது அறுப்பு செக்ரோலில். நான்காவது விடுகதைக்கு ஒரு குழு பத்தொன்பது நிமிடம் எடுத்தது. கொப்பியைப் பார்த்தால், ஒன்பதாவது நிமிடத்திலேயே அவர்கள் '12' என்று சொல்லிவிட்டார்கள். மீதிப் பத்து நிமிடமும், கிடைத்த 12ஐ என்ன செய்வது என்று தெரியாமல் போன நேரம். விடுகதையை எளிதாக்கியிருந்தால் பிழையான இடத்தைத் திருத்தியவளாவேன். உடைந்தது விடுகதை அல்ல, அதற்கும் அடுத்ததற்கும் நடுவில் உள்ள கண்ணி. செக்ரோலின் அட்டையில் 'பக்கம்' என்று எழுதி, பக்கத்தில் இரண்டு வெற்றுக் கட்டங்கள் வரைந்தோம். அவ்வளவுதான். இரண்டு இலக்கம் கிடைத்த குழு இரண்டு கட்டங்களைத் தேடிப்போனது.

குறிப்புக் கொடுக்கும் நேரம்

திருத்திய பின்னும் யாராவது நிற்பார்கள். ஒவ்வொரு விடுகதைக்கும் மூன்று குறிப்புகளை முன்பே எழுதிவைத்தோம். முதலாவது எங்கே பார்ப்பது என்று சொல்லும். இரண்டாவது என்ன செய்வது என்று சொல்லும். மூன்றாவது விடையையே சொல்லும். ஒதுக்கிய நேரம் முடிந்ததும் முதலாவது. அதன்பின் ஒவ்வொரு இரண்டு நிமிடத்துக்கும் அடுத்தது. நான்காவதுக்கு முதல் குறிப்பு "பலகையை மறுபடி பாருங்கள்", இரண்டாவது "இரண்டு நிறங்களின் நிறையைக் கூட்டுங்கள்." குறிப்புக் கேட்டதற்காகப் புள்ளி வெட்டவில்லை. வெட்டினால் குழுவில் சத்தமாகப் பேசும் பிள்ளை 'வேண்டாம், நாமே கண்டுபிடிப்போம்' என்பாள். விளங்காமல் மூலையில் நிற்கும் பிள்ளை வாயே திறக்கமாட்டாள்.

ஒரு குறுக்குவழியை மட்டும் வேண்டுமென்றே அடைக்காமல் விட்டோம். சில பிள்ளைகள் அட்டைகளின் வரிசையைப் பார்க்காமல், ஐந்து எழுத்துகளையும் மாற்றி மாற்றி வைத்தே 'மணிக்கூடு' என்று வாசித்துவிட்டார்கள். இரண்டாவது இடத்தில் அது நட்டமில்லை. அதுவும் தமிழ் தெரிந்தவளின் வழிதான். இதே குறுக்குவழி நான்காவதில் இருந்திருந்தால் உச்சியே இல்லாமல் போயிருக்கும், அங்கே அடைத்திருப்போம்.

தமிழ்த் தினத்தன்று ஒரு குழு 38ஆவது நிமிடத்தில் பெட்டியைத் திறந்தது. செக்ரோலின் அட்டையில் இருந்த வெற்றுக் கட்டங்களை முதலில் கவனித்தவள், அதுவரை ஒரு வார்த்தையும் பேசாமல் சுவரோரம் நின்ற பிள்ளை. அவள் நகரத்துப் பிள்ளையா, தோட்டத்துப் பிள்ளையா என்று அன்று யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை.