15.28 என்பது தசம எண் அல்ல
(இரு புகையிரதங்களின் கணக்கு)

தூரம், நேரம், கதி ஆகிய மூன்றையும் இணைக்கும் சமன்பாடு ஒன்றுதான். தூரத்தை நேரத்தால் வகுத்தால் கதி கிடைக்கும். இதை அறியாத மாணவி நம் கல்லூரியில் இருக்க மாட்டாள். ஆனாலும் நேர அட்டவணை வடிவில் இரண்டு புகையிரதங்களைத் தந்து கேட்கும் வினாவில் பலருக்கும் விடை பிழைத்துவிடுகிறது. பிழை சமன்பாட்டில் இருப்பதில்லை. அட்டவணையில் உள்ள எண்களை எந்த அலகில் வாசிக்கிறோம் என்பதில்தான் இருக்கிறது. இக்கட்டுரையில் அப்படிப்பட்ட ஒரே ஒரு வினாவை எடுத்து, ஆரம்பம் முதல் இறுதி வரை செய்து பார்ப்போம். வீட்டில் பிள்ளைகளுக்குக் கணிதம் சொல்லிக் கொடுக்கும் பெற்றோருக்கும் இது உதவக்கூடும்.

வினா

நமது திருகோணமலைப் பாதை கல்ஓயாச் சந்தியில் மட்டக்களப்புப் பாதையிலிருந்து பிரிந்து, கந்தளாய், தம்பலகாமம், சீனக்குடா வழியாகத் திருகோணமலை நிலையத்தில் முடிகிறது. இதன் நீளம் ஏறத்தாழ 70 கிலோமீற்றர். வினாவுக்காக இந்தப் பாதையையே எடுத்துக்கொள்வோம். கீழே உள்ள நேரங்கள் கணக்குக்காக அமைத்தவை. நிலையத்தில் தொங்கும் அட்டவணையில் உள்ளவை அல்ல.

கல்ஓயா – திருகோணமலை தூரம்: 43.75 மைல் (5 மைல் = 8 கிலோமீற்றர்)
புகையிரதம் அ: கல்ஓயாவிலிருந்து புறப்பாடு 14.40, திருகோணமலை வருகை 16.25, நீளம் 180 மீற்றர்
புகையிரதம் ஆ: திருகோணமலையிலிருந்து புறப்பாடு 15.28, கல்ஓயா வருகை 17.25, கதி செக்கனுக்கு 10 மீற்றர், நீளம் 200 மீற்றர்

இரண்டும் சீரான கதியில், இடையில் நிற்காமல் செல்கின்றன எனக் கொண்டு, அவை எப்போது, எங்கே சந்திக்கும் எனக் காண்க. ஒன்றையொன்று முழுமையாகக் கடக்க எத்தனை செக்கன் எடுக்கும் எனவும் காண்க.

முதல் வேலை: எல்லாவற்றையும் ஒரே அலகுக்குக் கொண்டுவருதல்

இந்தச் சிறிய அட்டவணைக்குள் மைல், மீற்றர், செக்கன், மணியும் நிமிடமும் என நான்கு வகை அலகுகள் கலந்திருக்கின்றன. எதையும் கூட்டவோ வகுக்கவோ முன்னர், எல்லாவற்றையும் கிலோமீற்றருக்கும் மணித்தியாலத்துக்கும் மாற்றி ஓர் ஓரத்தில் எழுதிக்கொள்ள வேண்டும்.

தூரம்: 43.75 × 8 ÷ 5 = 70 கிலோமீற்றர்.

ஆ இன் கதி: செக்கனுக்கு 10 மீற்றர் என்றால், 3600 செக்கன்களில் 36000 மீற்றர். அதாவது மணித்தியாலத்துக்கு 36 கிலோமீற்றர்.

அ எடுத்த நேரம்: 14.40 இலிருந்து 16.25 வரை. இங்கேதான் பொறி இருக்கிறது. கைத்தொலைபேசியில் உள்ள கணிகருவியில் 16.25 – 14.40 என்று தட்டினால் 1.85 என்று வரும். அட்டவணையில் உள்ள புள்ளி தசமப் புள்ளி அல்ல. மணியையும் நிமிடத்தையும் பிரிக்கும் ஓர் அடையாளம் மட்டுமே. கணிகருவிக்கு அது தெரியாது. ஒரு மணித்தியாலத்தைக் கடன் வாங்கும்போது 60 நிமிடம் வாங்குவதற்குப் பதிலாக அது 100 வாங்கிவிடுகிறது. அதனால் விடையில் 40 கூடிவிடுகிறது. சரியான விடை 1 மணித்தியாலம் 45 நிமிடம்.

அடுத்த பொறியும் இதற்குள்ளேயே இருக்கிறது. 1 மணித்தியாலம் 45 நிமிடத்தை 1.45 என எழுதி, 70 ஐ 1.45 ஆல் வகுத்தால் 48.28 வரும். 45 நிமிடம் என்பது 45 ÷ 60 = 0.75 மணித்தியாலம். ஆகவே நேரம் 1.75 மணித்தியாலம், கதி 70 ÷ 1.75 = 40 கிலோமீற்றர்.

இந்தப் பிழையைக் கண்டுபிடிப்பது எப்படி? 1.85 போன்ற விடையில் 85 நிமிடம் என்று எதுவும் இல்லை என்பதால் உடனே சந்தேகம் வந்துவிடும். ஆனால் எப்போதும் இப்படிக் காட்டிக்கொடுக்காது. 14.55 இலிருந்து 15.10 வரை உள்ள நேரத்தைக் கணிகருவி 0.55 எனச் சொல்லும். 55 நிமிடம் என்பது பார்வைக்கு நியாயமாகவே தெரியும். உண்மையில் அது 15 நிமிடம். ஆகவே நேரங்களைக் கழிக்கும்போது அடுத்த முழு மணி வரை எண்ணி, பிறகு மீதியைக் கூட்டுவதே பாதுகாப்பான வழி. 14.40 இலிருந்து 15.00 வரை 20 நிமிடம், 16.00 வரை இன்னும் 60, 16.25 வரை இன்னும் 25. மொத்தம் 105 நிமிடம்.

படத்தில் வெட்டுப்பட்ட அலகு

இப்போது பல வினாக்கள் தாளில் வருவதில்லை. யாராவது படம் பிடித்து அனுப்பியே நம் கைக்கு வருகின்றன. அட்டவணையின் ஓரம் வெட்டுப்பட்டு, ‘மைல்’ என்ற சொல் மட்டும் காணாமற் போனது என வைத்துக்கொள்வோம். 43.75 ஐக் கிலோமீற்றர் என எடுத்தால் அ இன் கதி 43.75 ÷ 1.75 = 25 என முழு எண்ணாக வரும். விடை அழகாக வந்துவிட்டதே என நம்பிவிடுவோம்.

ஆனால் அட்டவணையின் அடுத்த வரியே உண்மையைச் சொல்லும். ஆ மணித்தியாலத்துக்கு 36 கிலோமீற்றர் செல்கிறது. தூரம் 43.75 கிலோமீற்றர் என்றால் அதற்கு ஏறத்தாழ 1 மணித்தியாலம் 13 நிமிடமே தேவை, 16.41 அளவில் கல்ஓயாவை அடைந்திருக்கும். அட்டவணையோ 17.25 என்கிறது. தூரம் 70 கிலோமீற்றர் என்றால் 1 மணித்தியாலம் 56 நிமிடம் 40 செக்கன் ஆகும், வருகை 17.24 தாண்டி 40 செக்கன். அட்டவணை முழு நிமிடத்துக்கு மட்டந்தட்டுவதால் அது 17.25 ஆகிறது. ஆகவே அலகு மைல்தான். வினாவில் தேவைக்கு மேலதிகமாகத் தரப்பட்ட எண் போலத் தெரிந்த அந்த வருகை நேரம், அலகைச் சரிபார்க்க உதவும் சாட்சியாக இருக்கிறது.

சந்திக்கும் நேரமும் இடமும்

ஆ புறப்படும் 15.28 வரை அ மட்டுமே ஓடுகிறது. 14.40 இலிருந்து 15.28 வரை 48 நிமிடம், அதாவது 0.8 மணித்தியாலம். இதற்குள் அ சென்ற தூரம் 40 × 0.8 = 32 கிலோமீற்றர். இரண்டுக்கும் இடையே மீதி 70 – 32 = 38 கிலோமீற்றர்.

இப்போது இரண்டும் எதிரெதிராக வருகின்றன. ஒரு மணித்தியாலத்தில் ஒன்று 40 கிலோமீற்றரையும் மற்றது 36 கிலோமீற்றரையும் குறைப்பதால், இடைவெளி மணித்தியாலத்துக்கு 76 கிலோமீற்றர் வீதம் குறைகிறது. 38 ÷ 76 = 0.5 மணித்தியாலம், அதாவது 30 நிமிடம்.

எனவே சந்திக்கும் நேரம் 15.58. அந்த அரை மணித்தியாலத்தில் அ 20 கிலோமீற்றர் சென்றிருக்கும்; கல்ஓயாவிலிருந்து 32 + 20 = 52 கிலோமீற்றர். ஆ திருகோணமலையிலிருந்து 18 கிலோமீற்றர் வந்திருக்கும். 52 + 18 = 70. இரண்டு பக்கத்திலிருந்தும் கூட்டி முழுத் தூரம் வருகிறதா எனப் பார்ப்பது ஒரு வரி வேலைதான். பிழை இருந்தால் பெரும்பாலும் இங்கே பிடிபடும்.

கடக்கும் நேரத்துக்கு மட்டும் மீற்றருக்கும் செக்கனுக்கும் மாற வேண்டும். முன்பகுதிகள் சந்தித்ததிலிருந்து பின்பகுதிகள் பிரியும் வரை கடக்க வேண்டியது இரு நீளங்களின் கூட்டுத்தொகை: 180 + 200 = 380 மீற்றர். மணித்தியாலத்துக்கு 76 கிலோமீற்றர் என்பது 3600 செக்கன்களில் 76000 மீற்றர். 380 × 3600 ÷ 76000 = 18 செக்கன்.

வினா இங்கே முடிகிறது. பாதை முடியவில்லை

திருகோணமலைப் பாதை ஒற்றைத் தண்டவாளப் பாதை. அப்படியானால் 15.58 இல் 52 ஆவது கிலோமீற்றரில் ‘சந்திக்கும்’ என்று நாம் எழுதிய விடையின் பொருள் என்ன? அவை மோதும் என்பதுதான். வினா 18 செக்கனில் கடக்கச் சொல்வது இரட்டைத் தண்டவாளம் இருந்தால் மட்டுமே நடக்கும். ஒற்றைப் பாதையில், பக்கத் தண்டவாளம் உள்ள ஒரு நிலையத்தில் ஒன்று ஒதுங்கி நிற்க, மற்றது கடந்து செல்ல வேண்டும். அட்டவணை அமைப்பவரின் வேலை, சந்திக்கும் அந்தப் புள்ளியை நகர்த்தி ஒரு நிலையத்தில் கொண்டுபோய் வைப்பதுதான்.

கல்ஓயாவிலிருந்து 50 ஆவது, 56 ஆவது கிலோமீற்றர்களில் அப்படிப்பட்ட இரண்டு நிலையங்கள் இருப்பதாகக் கொள்வோம். 50 இல் கடக்க வைத்தால் அ 15.55 க்கு அங்கே வந்துவிடும். ஆ 20 கிலோமீற்றர் வர 33 நிமிடம் 20 செக்கன் எடுக்கும், 16.01 தாண்டி 20 செக்கனில் வரும். ஆகவே அ குறைந்தது 6 நிமிடம் 20 செக்கன் காத்திருக்க வேண்டும். 56 இல் கடக்க வைத்தால் ஆ 15.51 தாண்டி 20 செக்கனில் வந்துவிடும், அ 16.04 க்குத்தான் வரும். ஆ காத்திருக்க வேண்டியது 12 நிமிடம் 40 செக்கன். முதல் நிலையமே நல்லது. அங்கே அ நின்றுகொண்டிருப்பதால், ஆ அதைக் கடக்க 380 ÷ 10 = 38 செக்கன் எடுக்கும்; 18 அல்ல.

சிறு நிலையமொன்றில் புகையிரதம் காரணமில்லாமல் நிற்பதாக நாம் சலித்துக்கொள்ளும் நேரங்களில், இந்தக் கழித்தற் கணக்கின் விடையே பல தடவை காரணமாக இருக்கிறது.

அட்டவணை மட்டும் போதாது. ஒரு வண்டி தாமதித்தால் கணக்கு மாறிவிடும். 1874 செப்டெம்பர் 10 ஆம் திகதி இங்கிலாந்தில் நோர்விச் நகருக்கு அருகே தோர்ப் என்ற இடத்தில் இதுதான் நடந்தது. ஒரு வண்டி தாமதமாக வந்தது. எதிரே இருந்த வண்டியைத் தந்தி மூலம் வரச் சொன்ன செய்தியில் குழப்பம் ஏற்பட்டது. இரண்டும் ஒரே தண்டவாளத்தில் நேருக்கு நேர் மோதி 25 பேர் இறந்தனர். அதன் பின்னர் எட்வர்ட் டயர் என்பவர் ‘டெப்லட்’ என்ற வட்டத் தகட்டைக் கொண்ட முறையை உருவாக்கினார். அடுத்தடுத்த இரு நிலையங்களில் உள்ள கருவிகள் மின்கம்பியால் இணைக்கப்பட்டிருக்கும். ஒரு நேரத்தில் இரண்டிலுமாக ஒரே ஒரு தகடுதான் வெளியே வரும். அந்தத் தகடு கையில் இல்லாமல் சாரதி அந்தப் பகுதிக்குள் செல்லக்கூடாது. இலங்கையின் ஒற்றைத் தண்டவாளப் பாதைகளிலும் இந்த முறை பயன்பட்டு வந்துள்ளது.

பயிற்சி

ஓர் இரவுப் புகையிரதம் 22.40 க்குப் புறப்பட்டு மறுநாள் 05.10 க்கு 162.5 மைல் தூரத்திலுள்ள நிலையத்தை அடைகிறது. அதன் சராசரிக் கதி மணித்தியாலத்துக்கு எத்தனை கிலோமீற்றர்? கணிகருவியைத் தொடாமல், நள்ளிரவு வரை ஒரு தடவையும் நள்ளிரவிலிருந்து ஒரு தடவையும் எண்ணுங்கள்.

(விடை: 260 கிலோமீற்றர், 6.5 மணித்தியாலம், மணித்தியாலத்துக்கு 40 கிலோமீற்றர்.)