பிங் எகிறுகிறதா? கோளாறு வீட்டிலா, சர்வரிலா?

ஆட்டத்தின் நடுவே திரையோரத்தில் எச்சரிக்கை தோன்றினால், முதலில் இரண்டு எண்களையும் தனித்தனியாகப் பாருங்கள். பிங் என்பது ஒரு தகவல் சர்வருக்குப் போய்த் திரும்ப எடுக்கும் நேரம். பாக்கெட் லாஸ் என்பது வழியில் தொலைந்த தகவல்களின் விகிதம். பிங் அதிகமாக இருந்தும் ஆடாமல் ஒரே அளவில் நின்று, லாஸ் 0 என்றால் அது பெரும்பாலும் கோளாறு அல்ல, தூரம். லண்டன் நோர்பரியிலிருந்து டொரண்டோ ஏறக்குறைய 5,700 கிலோமீட்டர். கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர்தான் ஓடும். நேர்கோட்டில் போய்வரவே 57 மில்லிநொடி ஆகிவிடும். கடலடிக் கேபிள்கள் நேராகப் போவதில்லை என்பதால் உண்மையில் இன்னும் கூடும். டொரண்டோ மச்சானோடு வட அமெரிக்க சர்வரில் ஆடும்போது இதை எந்த ரூட்டராலும் குறைக்க முடியாது. மற்ற நேரங்களில் கேம் அமைப்பில் சர்வர் பகுதி Europe என்று இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

பிங் துள்ளிக் குதித்து, லாஸும் சேர்ந்து வந்தால்தான் விசாரணை தேவை. விண்டோஸில் கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து இதை அடியுங்கள்:

```
ipconfig
```

அதில் Default Gateway என்ற வரியில் இருப்பது உங்கள் ரூட்டரின் முகவரி. அது 192.168.1.254 என்று வைத்துக்கொள்வோம். இரண்டு சாளரங்களைத் திறந்து, ஒவ்வொன்றிலும் ஒரு கட்டளையை ஒரே சமயத்தில் ஓடவிடுங்கள்:

```
ping -n 300 192.168.1.254
ping -n 300 1.1.1.1
```

நொடிக்கு ஒன்றாக ஐந்து நிமிடம் ஓடும். பின்னணியில் கேமும் ஓடட்டும், பிரச்சினை வரும் அதே மாலை நேரத்தில். காலையில் எடுத்த கணக்கு மாலையின் கோளாறைக் காட்டாது.

ஓர் உதாரணம். நோர்பரியின் பழைய வரிசை வீடுகளில் இணைப்பு பெரும்பாலும் தெருப்பக்கமாக உள்ளே வரும். ரூட்டரும் அங்கேயே இருக்கும். பிள்ளையின் அறையோ மாடியில் பின்பக்கம். இடையில் செங்கல் சுவர், புகைபோக்கிச் சுவர், இரு பக்கத்து வீட்டு வைஃபைகள். அந்த அறையிலிருந்து ரூட்டருக்கு அனுப்பியதில் 3, 4, 180, பிறகு Request timed out என்று வருகிறது. முடிவில் 300-ல் 9 போச்சு, 3% லாஸ். 1.1.1.1-க்கும் ஏறக்குறைய அதேதான். ரூட்டர் வீட்டுக்குள் இருக்கிறது. அதை எட்டும் முன்பே தகவல் தொலைகிறது என்றால் கேம் கம்பெனியையோ இணைய நிறுவனத்தையோ குறை சொல்ல இடமில்லை, வைஃபைதான் காரணம். ஒரு லேன் கேபிளைச் செருகி அதே சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். ரூட்டருக்கு 1 மில்லிநொடிக்குள், லாஸ் 0 என்று வந்தால் விஷயம் உறுதி. தட்டைக் கேபிளைச் சுவரடிப் பலகையோரமாக மாடிப்படியில் ஏற்றிவிடுவதுதான் நான் முதலில் சொல்லும் தீர்வு. அது முடியாவிட்டால் ரூட்டரை அறைக்கு அருகே நகர்த்தி, 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் இணையுங்கள்.

கேபிள் போட்ட பிறகு ரூட்டர் கணக்கு சுத்தமாக இருந்தும், 1.1.1.1 மட்டும் 10-லிருந்து 150-க்குத் தாவினால், உடனே இணைய நிறுவனத்தை அழைக்காதீர்கள். கீழே யாருடைய போனாவது படங்களை மேகச் சேமிப்புக்கு ஏற்றுகிறதா என்று பாருங்கள். அப்லோட் பாதை நிறைந்தால் உங்கள் சின்னத் தகவல் ரூட்டரின் வரிசையில் காத்து நிற்கும். ஏற்றத்தை நிறுத்தியதும் பிங் இறங்கினால் காரணம் அதுதான். எஸ்க்யூஎம் வசதியுள்ள ரூட்டர் என்றால், அப்லோட் வரம்பை அளந்த வேகத்தில் 85–90 சதவீதமாக வையுங்கள்.

எல்லோரும் இணையத்தை விட்டு விலகிய பிறகும் 1.1.1.1-ல் லாஸ் தொடர்ந்தால், கோளாறு இணைப்பில். இரண்டு கணக்கும் சுத்தமாக இருந்து கேம் மட்டும் லாஸ் காட்டினால், சர்வரையோ அதற்குப் போகும் பாதையையோ சந்தேகிக்கலாம். அப்போது அதே ஆட்டத்தில் வேறு நிறுவன இணைப்பில் இருக்கும் நண்பரைக் கேளுங்கள். அவருக்கும் அதே நொடியில் எச்சரிக்கை வந்தால் சர்வர். உங்களுக்கு மட்டும் என்றால் பாதை. இந்தச் சோதனைக்கு ஒரு வரம்பும் உண்டு: உதாரணமாக, வேலரண்ட் சர்வர் நொடிக்கு 128 முறை நிலவரத்தைப் புதுப்பிக்கிறது, நம் சோதனையோ நொடிக்கு ஒன்றுதான். கண நேரத் தடுமாற்றங்கள் அதன் கண்ணில் படாமல் போகலாம். அதனால் ஒரு தடவையோடு தீர்ப்புச் சொல்லாதீர்கள்.

tracert ஓட்டுபவர்கள் நடுவழியில் ஒரு வரியில் நட்சத்திரக் குறி வந்ததும் அங்கேதான் கோளாறு என்று முடிவுகட்டுவதுண்டு. அடுத்தடுத்த வரிகள் ஒழுங்காகப் பதில் தந்தால் அதைப் பொருட்படுத்த வேண்டாம். அந்த இடத்து ரூட்டர் பதில் சொல்வதைத்தான் தவிர்க்கிறது, தகவலைக் கடத்தத் தவறவில்லை.

கோளாறு இணைப்பில் என்று தெரிந்தால், கேபிளில் எடுத்த கணக்கை நாள், நேரத்தோடு நிறுவனத்துக்கு அனுப்புங்கள். வைஃபைக் கணக்கை எளிதில் தள்ளிவிடுவார்கள். திங்க்பிராட்பேண்ட் தளத்தின் இலவசக் கண்காணிப்பு வரைபடத்தில் லாஸ் சிவப்பாகத் தெரியும், அதையும் இணையுங்கள். ஆஃப்காமின் தானியங்கி இழப்பீடு, கோளாறுகளைப் பொறுத்தவரை, இணைப்பு முற்றாகச் செத்து, இரண்டு முழு வேலை நாட்களுக்குள் சரிசெய்யப்படாதபோதுதான் கிடைக்கும், அதுவும் அந்தத் திட்டத்தில் சேர்ந்துள்ள நிறுவனங்களிடமிருந்து. பிங் ஏறியதற்கு அதில் பணம் வராது. ஆகவே இழப்பீடு கேட்டு நேரத்தைக் கழிக்காமல், லைனைப் பார்க்கப் பொறியாளரை அனுப்பும்படி கேளுங்கள்.