கவட்டில் தோன்றும் புடைப்பு

இருமும்போதோ தண்ணீர்க் குடம் தூக்கும்போதோ, தொடையும் வயிறும் சேருமிடத்தில் ஒரு புடைப்புத் தோன்றுகிறது, படுத்தால் மறைகிறது. இது பெரும்பாலும் குடலிறக்கமாகும். வைத்தியர்கள் ஹேர்னியா என்பார்கள். வயிற்றுச் சுவரில் பலவீனமான ஓரிடம் விரிந்துகொடுக்க, உள்ளேயுள்ள குடல் அவ்வழியே தோலின் கீழ் வந்து நிற்கிறது. கருவிலிருக்கும்போது விதை வயிற்றிலிருந்து கீழிறங்கிய பாதை அங்கே இருப்பதால் ஆண்களுக்கே இது கூடுதலாக வருகிறது.

ஒரு கமக்காரரை எடுத்துக்கொள்வோம். வயது 50. காணியை விட்டு வந்தபின் கூலிக்கு மூட்டை ஏற்றுகிறார். இரண்டு வருடமாக வலது கவட்டில் தேசிக்காயளவு புடைப்பு. நோவில்லை, வெட்கத்தால் மனைவிக்கும் சொல்லவில்லை. ஒருநாள் காலை 8 மணிக்கு நெல்மூட்டையைத் தூக்கியபோது புடைப்பு வெளியே வந்தது. படுத்துப் பார்த்தார், உள்ளே போகவில்லை. 10 மணிக்கு அது இறுகி, தொடவே முடியாத நோவாயிற்று. மதியம் வயிறு ஊதியது, சத்தி எடுத்தார். மலமும் போகவில்லை, காற்றும் பறியவில்லை.

இங்கே நடந்தது என்ன? வெளியே வந்த குடலை அந்த ஒடுங்கிய துவாரம் சுருக்குக் கயிறுபோல நெரிக்கிறது. இரத்தவோட்டம் நின்ற குடல் சில மணித்தியாலங்களிலேயே அழுகத் தொடங்கும். நேரத்தோடு போனால் குடலை உள்ளே வைத்துத் தைத்துவிடலாம். பிந்தினால் அழுகிய துண்டை வெட்டி நீக்க வேண்டிவரும், உயிரும் போகலாம். ஆகவே சத்தி வரும்வரை காத்திருக்க வேண்டாம். வழக்கமாக உள்ளே போகும் புடைப்பு போகாமல் நின்று நோவெடுத்தால் அதுவே புறப்படும் நேரம்.

அப்போது எண்ணெய் பூசி உருவுவதும் பலமாக அமத்துவதும் கூடாது, குடல் கிழியலாம். பேதி மருந்தும் கொடுக்கக் கூடாது. சத்திரசிகிச்சைக்கு மயக்கமருந்து கொடுக்க வேண்டியிருப்பதால் உணவோ தேநீரோ கொடுக்காதீர்கள். நோ திடீரெனக் குறைந்தாலும் திரும்பிவிடாதீர்கள்; குடல் உள்ளே செத்தாலும் அப்படி நேரலாம். 1990 இலக்கத்துக்கு அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வரும். சிறிய ஆஸ்பத்திரிகளில் சத்திரசிகிச்சை நிபுணர் இருப்பதில்லை. ஆதார அல்லது மாவட்டப் பொது வைத்தியசாலைக்கே போக வேண்டியிருக்கும்.

பெண்களுக்குக் கவட்டு மடிப்புக்குச் சற்றுக் கீழே, தொடையின் மேற்பக்கம் சிறிய கட்டுப்போல வரும் குடலிறக்கம் எளிதில் நெரிபடும். நெறிகட்டியென்று விட்டுவிடாமல் காட்டுங்கள். கைக்குழந்தை அழும்போது கவட்டில் புடைத்தாலும் தாமதிக்காமல் காட்டவேண்டும்.

மருந்தாலோ இடுப்புப் பட்டியாலோ அந்தத் துவாரம் மூடாது. புடைப்பு உள்ளே போய்வரும் காலத்திலேயே கிளினிக்கில் காட்டினால் நாள் குறித்துத் தருவார்கள். நல்ல சுகத்தோடு செய்யும் அந்தச் சத்திரசிகிச்சை சிறியது. அரசாங்க வைத்தியசாலையில் இலவசம். பெரும்பாலானோர் ஓரிரு நாளில் வீடு திரும்பலாம். ஆனால் சுமார் 6 வாரம் மூட்டை தூக்கவோ மண்வெட்டி பிடிக்கவோ கூடாது. ஆகையால் விதைப்பும் அறுவடையும் இல்லாத மாதமாகப் பார்த்து நாள் கேளுங்கள். நீண்டகால இருமலோ மலச்சிக்கலோ இருந்தால் அதையும் வைத்தியரிடம் சொல்லுங்கள். முக்கிக்கொண்டேயிருந்தால் தைத்த இடம் மறுபடி விடும்.