கோப்பின் பெயரில் ஆண்டு முதலில் வரட்டும்

முத்தாபுதுப்பேட்டையில் நான் பணியாற்றும் பள்ளியில், விழாக்களின் ஒளிப்படங்களையும் கூட்ட நடவடிக்கைக் குறிப்புகளையும் கணினியில் சேமிக்கும் பொறுப்பு என்னிடம் உள்ளது. ஆய்வுக்கு வரும் அலுவலர் கேட்டாலும், அடுத்து இப்பொறுப்பை ஏற்கும் ஆசிரியர் தேடினாலும், கோப்பு உடனே கிடைக்க வேண்டும். அதற்கு நான் பின்பற்றும் எளிய முறையை இங்கே பகிர்கிறேன்.

நாம் தேதியை நாள், மாதம், ஆண்டு என்ற வரிசையில் எழுதிப் பழகியவர்கள். அவ்வாறே கோப்புக்குப் பெயரிட்டால், கோப்புறையில் பெயர்வரிசை இப்படி அமையும்:

```
05-09-2024.jpg
14-11-2024.jpg
15-07-2024.jpg
15-07-2025.jpg
15-08-2024.jpg
26-01-2025.jpg
```

ஆசிரியர் தினம் முதலில் நிற்கிறது. 2024, 2025 ஆகிய இரண்டு ஆண்டுகளின் கல்வி வளர்ச்சி நாளும் அடுத்தடுத்து வந்துவிட்டன. காரணம், கணினி இதைத் தேதியாகப் பார்ப்பதில்லை. அகராதியில் சொற்களை அடுக்குவதுபோல் இடமிருந்து வலமாக ஒப்பிடுகிறது. எனவே முதலில் உள்ள நாள்தான் வரிசையைத் தீர்மானிக்கிறது. பெரிய அலகான ஆண்டை முதலிலும், மாதத்தை அடுத்தும், நாளைக் கடைசியிலும் எழுதினால் பெயர்வரிசையே காலவரிசையாகிவிடும்:

```
2024-07-15.jpg
2024-08-15.jpg
2024-09-05.jpg
2024-11-14.jpg
2025-01-26.jpg
2025-07-15.jpg
```

ஐ.எஸ்.ஓ. 8601 என்னும் பன்னாட்டுத் தரமும் இந்த வரிசையையே கூறுகிறது. வாட்ஸ்அப் படங்களின் `IMG-20240815-WA0003.jpg` போன்ற பெயர்களிலும் இதைக் காணலாம். ஆனால் அது படம் நம் கைபேசிக்கு வந்த நாளாக இருக்கலாம். விழா நடந்த நாளைப் பார்த்து நாமே பெயரிடுவது நல்லது.

மூன்று செய்திகளைக் கவனிக்க வேண்டும். முதலாவது, ஒற்றை இலக்க மாதத்திற்கும் நாளுக்கும் முன்னால் சுழியம் தேவை. `2024-7-15` என்று எழுதினால், சில செயலிகளில் நவம்பர் மாதக் கோப்பு ஜூலைக்கு முன்னால் வந்துவிடும். இரண்டாவது, இடையில் சாய்கோடு கூடாது. விண்டோஸ் அதனை ஏற்காது. சிறுகோடு போதும். மூன்றாவது, தேதிக்கு முன்னால் வேறு சொல் வரக்கூடாது. `2024-08-15_kodiyetram.jpg` என, நிகழ்ச்சியின் பெயர் தேதிக்குப் பின்னால் வரட்டும்.

'மாற்றிய தேதி' வாரியாக அடுக்கினால் போதாதா என்று சிலர் கேட்பதுண்டு. கூட்டக் குறிப்பில் ஓர் எழுத்துப்பிழையைத் திருத்திச் சேமித்தாலே அந்தத் தேதி இன்றைய நாளாகிவிடும். பெயரில் உள்ள தேதியோ பென்டிரைவில் போனாலும் மின்னஞ்சலில் போனாலும் மாறாது.

ஒரே விழாவின் இருபது படங்களுக்கும் தனித்தனியே பெயரிட வேண்டியதில்லை. விண்டோஸில் அவை அனைத்தையும் தேர்ந்தெடுத்து, F2 விசையை அழுத்தி, ஒருமுறை பெயரைத் தட்டச்சு செய்து என்டர் கொடுத்தால், (1), (2) என்று எண்கள் தாமாகச் சேர்ந்துவிடும். பிறகு கோப்புறையைப் பெயர்வாரியாக அடுக்கிப் பாருங்கள். கல்வியாண்டு ஜூன் முதல் வரிசையாகத் தெரியும்.