அம்மம்மாவுக்கு ஒரு குரல்பதிவு

பேர்ண் நகரில் தனியாக இருக்கும் அம்மம்மாவுக்கு டொக்டரிடமிருந்து ஒரு குறுஞ்செய்தி வந்திருக்கிறது. அது டொச் மொழியில் இருக்கிறது. அம்மம்மா அதை உங்களுக்கு அனுப்பி, “என்ன எழுதியிருக்கெண்டு சொல்லு ராசா” என்று கேட்கிறார். அதன் தமிழ் இதுதான்:

“ஞாபகமூட்டல்: செவ்வாய் 12.05., 07.30 மணி, இரத்தப் பரிசோதனை. வெறும் வயிற்றுடன் வரவும். காப்புறுதி அட்டையைக் கொண்டு வரவும். வர இயலாவிடில் 24 மணித்தியாலத்துக்கு முன் அறிவிக்கவும். தவறினால் கட்டணம் அறவிடப்படும்.”

இதை அப்படியே வாசித்துப் பதிவு செய்தால் போதாதா? போதாது. எழுத்தில் விட்டதைக் கண் திரும்பிப் போய்ப் பார்க்கும். காது அப்படிச் செய்யாது. அதனால் ஒரு வசனத்தில் ஒரு விடயம் மட்டும் சொல்லுங்கள்.

முதலில் நேரம். இங்கேதான் பலர் தவறுவார்கள். 07.30 ஐ டொச்சில் ‘ஹால்ப் ஆஹ்ட்’ என்போம். ‘ஆஹ்ட்’ என்றால் எட்டு. அதைக் கேட்ட பழக்கத்தில் ‘எட்டரை’ என்று சொல்லிவிட்டால், அம்மம்மா ஒரு மணித்தியாலம் பிந்திப் போய் நிற்பார்! ‘ஹால்ப் ஆஹ்ட்’ எட்டுக்குப் பாதி வழி; தமிழில் அது ஏழரை. நேரத்தை இரண்டு தரம் சொல்லுங்கள்.

‘நாளைக்கு’ என்றும் சொல்லாதீர்கள். அம்மம்மா பதிவை அடுத்த நாள் கேட்டால் நாள் மாறிவிடும். கிழமையின் பெயரைச் சொல்லுங்கள்.

‘வெறும் வயிறு’ என்றால் எப்போதிருந்து? அம்மம்மா காலையில் எழும்பியவுடன் பால் தேத்தண்ணி குடிப்பவர். அதையும் பேர் சொல்லித் தடுக்க வேண்டும். 24 மணித்தியாலத்தையும் கணக்குப் பார்த்துச் சொல்லுங்கள். திங்கள் காலை ஏழரைக்கு ரெலிபோன் எடுக்க ஆள் இருக்காமல் போகலாம். ஆகவே வெள்ளிக்கிழமை என்பதே நல்லது.

இனிப் பதிவு:

“அம்மம்மா, உங்கட ரத்தம் எடுக்கிற விசயம். வாற செவ்வாய்க்கிழமை, மே பன்னிரண்டு. காலமை ஏழரைக்கு. எட்டரை இல்லை, ஏழரை. திங்கள் ராச்சாப்பாட்டுக்குப் பிறகு ஒண்டும் சாப்பிடாதேங்கோ. செவ்வாய் காலமை தேத்தண்ணியும் வேண்டாம். தண்ணி மட்டும் குடிக்கலாம். கிரான்கன்காசே காட்டை மறக்காமல் கொண்டு போங்கோ. போகேலாதெண்டால் வெள்ளிக்கிழமைக்குள்ள எனக்குச் சொல்லுங்கோ, நான் அடிச்சுச் சொல்லுறன். சொல்லாமல் விட்டால் காசு கட்ட வேண்டிவரும். சரி, எத்தினை மணிக்கெண்டு எனக்கு ஒருக்காச் சொல்லுங்கோ.”

கடைசி வசனத்தைப் பாருங்கள். அம்மம்மா ‘எட்டரை’ என்று பதில் அனுப்பினால் உடனே திருத்தலாம்.

‘காலைக் குளிசை போடலாமா?’ என்று அம்மம்மா கேட்டால் என்ன செய்வீர்கள்? செய்தியில் அது இல்லை. நீங்களாகச் சொல்லாமல் டொக்டரிடம் கேட்டுச் சொல்லுங்கள்.

பயிற்சி: அப்பப்பாவுக்குப் பல் டொக்டரிடம் வியாழன் 14.30 மணிக்கு நேரம் கிடைத்திருக்கிறது. டொச்சில் ‘ஹால்ப் ட்ரை’. ஆறு வசனத்தில் குரல்பதிவு எழுதி, தம்பியிடமோ தங்கையிடமோ ஒரே ஒரு தரம் வாசித்துக் காட்டுங்கள். பிறகு நாளையும் நேரத்தையும் கேளுங்கள்.